'நிற்க' போடாத கடிதம்

கோதண்டம் டெபுடி தாசில்தார் ஆன சேதி ஆவடி ராணுவ டிப்போவுக்கு வந்து சேர்ந்தபோது பரந்தாமன் ஒரு கூடாரத்துக்குள் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தான். சண்டையிலிருந்து திரும்பி வந்த கூடாரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. நட்டுவைத்து, உள்ளே போய் நின்று, எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ண வேண்டும். பரந்தாமன் அந்த ஷெட்டின் குமாஸ்தா. நாலு வருஷமாக இப்படி அண்ணாந்து அண்ணாந்து கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு அவன் எதையோ ஆழ்ந்து யோசிப்பதுபோல் இருக்கும். அதனால் கிடைத்த மரியாதையை அவன் மறுத்ததில்லை.

"அண்ணாத்தே!" என்று துணியை விலக்கிக்கொண்டு வேம்புலி தலையை நீட்டினான். அதே ஷெட்டில் கயிறும் முளையும் கட்டுகிறவன். "சேதி தெர்மா? உன் தோஸ்த்து கோதண்டம் டெபுடி தாசில்தாரா ஆயிட்டாராம். பூந்தமல்லிக்கு அந்தாண்ட ஆபீஸாம். கெஜட்டுல போட்டுகிறாங்கோ."

"பதினாறு" என்றான் பரந்தாமன்.

"இன்னாது பதினாறு?"

"ஓட்டை."

"கூடாரம் கெடக்குது உடு. இன்னும் ஏழு வாரத்துல நம்ப பேரையே கீய்ச்சிடப் போறான். ஜூன் முப்பதுன்னு போர்டுல ஒட்டிகீறான், பாத்தியா இல்லியா? ஒரு கடுதாசி போடு உன் தோஸ்த்துக்கு. அப்டியே கடசில எனக்கும் ஒரு வரி."

பரந்தாமன் போர்டைப் பார்த்திருந்தான். யுத்தம் முடிந்து ஒன்பது மாதம். கூடாரத்துக்கு வேலை இல்லை என்றால் கூடாரத்தில் ஓட்டை பார்க்கிறவனுக்கு மட்டும் என்ன வேலை? முதல் பட்டியலில் நாற்பது பேர். இருபத்திமூன்றாவது பெயர் அவனுடையது. கோவில்பதாகையில் வீடு, மனைவி, இரண்டு பெண்கள். ஜூலை ஒன்றாம் தேதி காலையில் எழுந்து எந்தப் பக்கம் நடப்பது என்பதுதான் அப்போது அவன் முன்னால் இருந்த ஒரே கேள்வி. எங்கே போனாலும், எதைச் சாப்பிட்டாலும் அந்தக் கேள்வி கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

கோதண்டத்துக்குக் கடிதம் போடுவதில் ஒரு சங்கடம் இருந்தது. பரந்தாமன் அவனுக்கு ஏற்கெனவே ஆறு கடிதம் போட்டிருந்தான்.

இருவரும் ஒரு காலத்தில் முன்சீப் கோர்ட்டில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் நகல் எழுதியவர்கள். கோதண்டம் ரெவின்யூ குமாஸ்தாவாகப் போன பிறகு, 'நம்ம ஆளு தாலுகாவில இருக்கான்' என்று பரந்தாமன் தெருவில் சொல்லத் தொடங்கினான். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மச்சினனுக்கு ஒரு சிபாரிசு, எதிர்வீட்டுக்காரன் பட்டாவுக்கு ஒன்று, யாரென்றே சரியாகத் தெரியாத அம்பத்தூர்க்காரர் ஒருவரின் ஏரிப் புறம்போக்குக்கு ஒன்று. சிலர் குடை இரவல் கொடுப்பதுபோல் அவன் சிநேகிதனை இரவல் கொடுத்தான். முதல் இரண்டு கடிதத்துக்குப் பதில் வந்தது. மூன்றாவதுக்கு ஒரு வரி வந்தது. நான்கு, ஐந்து, ஆறுக்கு ஒன்றும் வரவில்லை. ஏழு வருஷம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் வரலட்சுமியிடம் சொன்னான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரேஷன் அரிசி, கல்லிலிருந்து அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் என்றும் சொல்லலாம்.

"எழுதுங்க. நல்ல சேதிதானே" என்றாள். "ஆனா வாழ்த்தறதுன்னா வாழ்த்துங்க, கேக்கறதுன்னா கேளுங்க. ரெண்டையும் ஒரே காயிதத்துல எழுதாதீங்க."

"நான் என்னத்த கேக்கப் போறேன்? சும்மா வாழ்த்துதான்."

"பாக்கலாம்."

பரந்தாமன் எழுத உட்கார்ந்தான். அந்தக் காலத்துக் கடிதத்துக்கு ஒரு நடை உண்டு. க்ஷேமம் எழுத வேண்டும், க்ஷேமம் கேட்க வேண்டும், மழை பெய்ததா என்று விசாரிக்க வேண்டும். பிறகு தனியாக 'நிற்க' என்று ஒரு வார்த்தை. அதுவரைக்கும் சொன்னதெல்லாம் உபசாரம், இனிமேல்தான் சங்கதி என்று அதற்கு அர்த்தம். வாங்கிப் படிக்கிறவர்களில் அனுபவசாலிகள் நேராக 'நிற்க'விலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார்கள்.

நாலு வரி எழுதினான். நன்றாகவே வந்தது. ஐந்தாவது வரியில் கை தானாக 'நிற்க' என்று எழுதிவிட்டது. எழுதிய பிறகு அதற்குக் கீழே எதையாவது போடாமல் எப்படி விடுவது? ஜூன் முப்பது வந்துவிட்டது. கிழித்தான். இரண்டாவது கடிதத்தில் வேம்புலி வந்துவிட்டான். அதையும் கிழித்தான்.

மூன்றாவதில் ஜாக்கிரதையாக, எதையும் கேட்காமல், பழைய கோட்டுக் கதையை மட்டும் எழுதினான். நகல் எழுதிய நாளில் அவர்கள் இருவருக்குமாகச் சேர்ந்து ஒரே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. மூர் மார்க்கெட்டில் வாங்கியது. ரெவின்யூ வேலைக்கு இருவருக்கும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். கோதண்டம் முதலில் போட்டுக்கொண்டு உள்ளே போகும் சமயம் நடுப் பட்டன் அறுந்து வராந்தாவில் உருண்டு எங்கோ போய்விட்டது. பரந்தாமன் தன் சட்டைப் பட்டனைப் பிய்த்து, அங்கேயே ஊசி நூல் கடன் வாங்கித் தைத்துவிட்டான். பிறகு அதே கோட்டைப் போட்டுக்கொண்டு அவனும் உள்ளே போனான். கோட்டுக்குப் பட்டன் இருந்தது, சட்டைக்கு இல்லை. கோதண்டத்தை எடுத்துக்கொண்டார்கள்.

வரலட்சுமியிடம் படித்துக் காட்டினான்.

"பட்டன எடுத்துடுங்க" என்றாள்.

"ஏன்? நடந்ததுதானே?"

"நடந்ததுதான். என் பட்டன்லதான் உனக்கு வேல கெடச்சிதுன்னு சொல்றீங்க. இது கேக்காத மாதிரி கேக்கறது. பேசாம வேலைய குடுன்னே எழுதிடலாம், அதுல மரியாதையாவது மிஞ்சும்."

பரந்தாமன் சாய்ந்த கழுத்தோடு அவளைச் சற்று நேரம் பார்த்தான். பதினான்கு வருஷமாக இவளுக்குக் கடிதமே எழுதாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான். பட்டன் போயிற்று. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்:

'அன்புள்ள கோதண்டம், நீ டெபுடி தாசில்தார் ஆன சேதி தெரிந்து மனசு நிறைந்தது. கேட்டதும் நம் கறுப்புக் கோட்டு ஞாபகம் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்றவன் இன்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். நகல் எழுதும்போதே நீ ஒரு வரியில் அடித்தல் இருந்தால் முழுத்தாளையும் திரும்ப எழுதுவாய். அப்படிப்பட்டவனுக்குத்தான் இது கிடைக்க வேண்டும். அந்தக் கோட்டு இன்னும் இருக்கிறதா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பரந்தாமன்.'

இதில் எல்லாம் சரி. ஆனால் நாலு வருஷ டிப்போ உத்தியோகம் வேறு ஒரு வேலை செய்தது. சுத்தப் பிரதி எடுக்கும்போது பழக்கதோஷத்தில் தலைப்பில், 'விஷயம்: தங்கள் பதவி உயர்வு. பார்வை: ஜில்லா கெஜட்' என்று எழுதிவிட்டான். கூடாரத் துணி கேட்டு எழுதினாலும் அப்படித்தான் எழுதுவான். அவனுக்கு அது பிள்ளையார் சுழி மாதிரி. கோதண்டத்தின் வீட்டு விலாசம் தெரியாததால் உறையின்மேல் 'டெபுடி தாசில்தார் அவர்கள்' என்று உத்தியோகத்தைப் போட்டு, ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பினான்.

அவ்வளவுதான். வாழ்த்து மனுவாகிவிட்டது.

எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். அதன் குமாஸ்தாக்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். அங்கே உறையைப் பிரித்து, தலைப்பைப் பார்த்து, மனு என்று பதிந்து நம்பர் போட்டது எதுவும் பரந்தாமனுக்கு அப்போது தெரியாது. பதினேழாம் நாள் ஒரு பழுப்பு உறை வந்தது. சர்க்காரின் சர்வீஸ் ஸ்டாம்பு ஒட்டிய உறை என்றால் தெருவில் நாலு பேர் கூடிவிடுவார்கள். அவர்களுக்கு நடுவில் தடுமாறிக்கொண்டே அதைப் பிரித்தான்.

'கரண்ட் நம்பர் 1187/46. மனுதாரர் பரந்தாமன் அவர்களுக்கு. தங்கள் மனுவில் பிரார்த்தனை இன்னதென்று விளங்கவில்லை. ஒரு கறுப்புக் கோட்டின் பேரில் மனுதாரர் பாத்தியதை கொண்டாடுகிறாரா என்பதும் தெளிவில்லை. பதினைந்து தினங்களுக்குள் பிரார்த்தனையைத் தெரிவிக்கவும். தவறினால் மனு பைசல் செய்து மூடப்படும். டெபுடி தாசில்தாருக்காக, தலைமைக் குமாஸ்தா.'

டெபுடி தாசில்தார் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி காம்ப்பில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்பது ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

மறுநாள் டிப்போவில் இதைக் கேட்ட வேம்புலி ஒரு கூடாரத்தின்மேல் விழுந்து புரண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"மாமே, இது சிரிக்கிற விசயமில்ல. நல்லா ரோசன பண்ணு. சர்க்காரு உன்னான்ட வந்து 'இன்னா வோணும், சொல்லு'ன்னு எய்த்துமூலமா கேக்குது. என் ஆயுசுல யாரையும் கேட்டதில்ல. ஜூன் முப்பதுக்கு அஞ்சு வாரங்கூட இல்ல. எய்து!"

"வாழ்த்துன்னு சொல்லி எழுதினேன், வேம்புலி."

"அதான் வாய்த்தியாச்சே! இது ரெண்டாவது காயிதம். உங்க ஊட்டம்மா இன்னா சொல்லிச்சு? ரெண்டையும் ஒரே காயிதத்துல எய்தக்கூடாதுன்னுதானே? இப்ப காயிதம் வேற ஆயிடுச்சே!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் பரந்தாமன் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டால் தப்பென்ன? சர்க்காரே கேட்கிறது. ஆனால் காம்ப்பிலிருந்து திரும்பும் கோதண்டம் அந்த இரண்டு தாளையும் சேர்த்துத்தானே பார்ப்பான்? முதல் தாளைப் படித்துவிட்டு இரண்டாவதைத் திருப்புவான். ஓஹோ, இதற்குத்தானா என்று ஒரு சின்னச் சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு பரந்தாமன் கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. ஏழாவது கடிதமும் முதல் ஆறோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

வரலட்சுமி வந்து பார்த்தாள், போனாள். பெண்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை வந்தபோது மட்டும், "எதுவானாலும் எழுதுங்க. நான் படிக்க மாட்டேன்" என்றாள். அவளுக்கும் ஜூலை ஒன்று இருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. படித்தால், கேட்டிருக்கலாமே என்று தோன்றிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

அவன் எழுதினான்: 'விஷயம்: பிரார்த்தனை. பார்வை: கரண்ட் நம்பர் 1187/46. பிரார்த்தனை எதுவும் இல்லை. கோட்டின் பேரில் பாத்தியதை கொண்டாடவில்லை. சந்தோஷத்தைத் தெரிவிப்பதற்கு மட்டுமே எழுதப்பட்டது. மனுவை அவ்விதமே பைசல் செய்துகொள்ளலாம்.'

தபாலில் போட்டுவிட்டு வரும்போது கையிலிருந்த ஒரே சீட்டையும் கிழித்துப் போட்டவன் மாதிரி இருந்தது. கூடவே காரணம் தெரியாமல் கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

ஜூன் பதினெட்டாம் தேதி ஒரு கார்டு வந்தது. சர்வீஸ் ஸ்டாம்பு இல்லாத சாதாரணக் கார்டு. அடித்தல் இல்லாத கையெழுத்து. 'ஞாயிறு காலை வா. கோட்டு இருக்கிறது. கோதண்டம்.'

கரி பஸ் கரையான்சாவடி தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கியது. கண்டக்டர் இறங்கிப் பின்னால் கரி அடுப்பைக் கிளறும்போதெல்லாம் பரந்தாமனும் தன்னை ஒருமுறை கிளறிப் பார்த்துக்கொண்டான். கேட்கக்கூடாது. அவனே கேட்டால்? அப்போதும் கேட்கக்கூடாது. என்னவென்று கூப்பிடுவது? 'சார்' என்றா, 'டா' என்றா? இந்தப் பிரச்னை மட்டும் கோதண்டத்தின் வீட்டு வாசலிலேயே தீர்ந்துவிட்டது.

"வாடா" என்றான் கோதண்டம். தலை பாதி நரைத்திருந்தது. "கழுத்து இன்னா இப்டி கோணிகினு கீது?"

"கூடாரம் பாத்து பாத்து."

"உட்காரு."

உட்கார்ந்தான். காப்பி வந்தது. கோதண்டம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பரந்தாமன் காப்பியை ஆற்றினான். எதிரே இருப்பவன் எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்குப் புரிந்தது. எப்போது வாயைத் திறப்பான், எப்போது 'ஒரு விஷயம்' என்று ஆரம்பிப்பான் என்று பார்க்கிறான். பரந்தாமன் காப்பி நன்றாக இருக்கிறது என்றான். வெயில் ஜாஸ்தி என்றான். பிறகு, "ஜமாபந்தி நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

கோதண்டம் எழுந்து போய் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டான்.

"நாப்பத்தோரு கடுதாசி. பிரமோஷன் ஆன நாள்லேர்ந்து வந்தது. எல்லாத்துலயும் 'நிற்க' கீது. படிச்சி படிச்சி இப்பல்லாம் நான் மேல பாக்கறதே இல்ல, நேரா 'நிற்க'தான். உன் கடுதாசிய காம்ப்லேர்ந்து வந்து பாத்தேன். 'நிற்க'வ தேடறேன், காணோம். திருப்பிப் பாத்தேன், பின்னாலயும் இல்ல. மூணு தரம் படிச்சேன்டா. அப்பறம் அந்த ரெண்டாவது காயிதத்தத் தெறந்தேன். இதுலதான் வெச்சிருப்பான்னு நெனச்சேன்." கட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான். "நெனச்சதுக்கு மன்னிச்சிக்கோ."

"நெனச்சதுல தப்பில்ல. ஆறு கடுதாசி போட்டவன்தானே நானு. அதுக்கு நீதான் மன்னிக்கணும்."

"பதில் போடாததுக்கு நானு."

இருவரும் இப்படிக் கொஞ்ச நேரம் மன்னிப்பை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிறகு கோதண்டம் உள்ளே போய்க் கோட்டைக் கொண்டுவந்தான். கறுப்பு வெளுத்துப் பச்சை பூத்து, கைமுட்டியில் இழை தெரிந்தது. இரண்டு கறுப்புப் பட்டன்களுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டன்.

"இத பத்தி நீ எழுதல" என்றான் கோதண்டம், பட்டனைத் தொட்டு.

"எழுதினேன். ஊட்டுல எடுக்கச் சொல்லிட்டா."

கோதண்டம் முதல் தடவையாகச் சிரித்தான். மேஜைக்குப் பின்னால் உட்காருகிற சிரிப்பு இல்லை. நகல் பெஞ்சுச் சிரிப்பு. அதற்குப் பிறகு மணி போனது தெரியவில்லை. கோர்ட்டில் தூங்கிய ஜப்தி அமீனாவைப் பற்றிப் பேசினார்கள், செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில், கிளம்பும் நேரத்தில்தான் கோதண்டம் கேட்டான்: "ஆவடியில ஆள் கொறைக்கிறாங்களாமே. நீ எப்டி?"

"நானும்தான். ஜூன் முப்பது." பரந்தாமன் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தான். "அது வேற சங்கதி. அந்த மனுவுல இல்ல."

"இல்ல, தெரியும். அதனாலதான் கேக்கறேன்." கோதண்டம் வாசல்வரை வந்தான். "பாரு, என் கையில வேல எதுவும் கெடையாது. கீதுன்னு நாப்பத்தோரு பேரு நெனச்சிகினு கீறாங்க. ஆனா தெரிஞ்சத சொல்றேன். ரேஷன் வேலைக்குத் தற்காலிக குமாஸ்தாங்கள எடுக்கப் போறாங்க. யுத்த வேலையிலேர்ந்து நின்னவங்க பேர எல்லாம் மெட்ராஸ்ல பதியற ஆபீஸ் ஒண்ணு தொறந்திருக்காங்க இல்ல, அங்கேர்ந்துதான் பேரு வரும். நீ போய் பதிஞ்சிக்க. அதுக்கு முன்னால ஒண்ணு. டிப்போவுல வேலையிலேர்ந்து நிக்கும்போது சர்ட்டிபிகேட் குடுப்பான். அதுல 'குமாஸ்தா'ன்னு எழுதி வாங்கு. 'ஸ்டோர்ஸ் ஆள்'னு பொதுவா எழுதிட்டான்னா கூலி லிஸ்டுல போயிடுவே. கூடாரம் பாத்தேன்னு பெருமையா சொல்லாத, கணக்குப் புஸ்தகம் எழுதினேன்னு சொல்லு."

"வேம்புலின்னு ஒருத்தன் கீறான். அவனுக்கும் சொல்லலாமா?"

"இது ரகசியமில்லடா. நோட்டீஸ் ஒட்டியிருக்கும். யாரும் படிக்கறதில்ல, அவ்ளோதான். ஊருக்கே சொல்லு."

வாசலைத் தாண்டியதும் பரந்தாமனுக்கு ஒன்று தோன்றியது. "என் கடுதாசிய திருப்பிக் குடேன். வெச்சிக்கறேன்."

"முடியாது. நம்பர் போட்டாச்சு. பைசல் ஆன காயிதம் ஒரு வருஷம் ரிகார்டு ரூம்ல கெடக்கும், அப்பறம் கொளுத்திடுவாங்க. சட்டம்." கோதண்டம் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டான். "எனக்குன்னு ஒரு நகல் எடுத்துகிட்டேன். அடித்தல் இல்லாம."

ஜூன் முப்பதாம் தேதி டிப்போ ஆபீஸில் பரந்தாமன் ஒரு மணி நேரம் நின்று 'குமாஸ்தா' என்று எழுதி வாங்கினான். வேம்புலி கயிறு முடிகிற திறமையை ஒரு முழு வரியாக எழுதி வாங்கினான். ஜூலை ஒன்றாம் தேதி காலையில் எந்தப் பக்கம் நடப்பது என்ற கேள்விக்கு, ஸ்டேஷன் பக்கம், மெட்ராஸ் ரயிலுக்கு என்று பதில் இருந்தது. வெறும் பதிவுதான். ஆனாலும் நடக்க ஒரு திசை.

ஜூலை வெறுமனே போயிற்று. ஆகஸ்டில் வரலட்சுமியின் இரண்டு வளையல்கள் போயின. செப்டம்பர் நடுவில், பதிந்த வரிசைப்படி, யார் சிபாரிசும் இல்லாமல் பரந்தாமனுக்கு அம்பத்தூரில் ரேஷன் குமாஸ்தா வேலை வந்தது. ஆறு மாதத்துக்குத் தற்காலிகம். கல் கலந்த அரிசியைப் பற்றி ஊர் முழுவதும் இனி அவனைத் திட்டலாம். வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

கோதண்டத்துக்கு ஒரு கார்டில் தகவல் எழுதினான். நாலாம் நாள் பதில் வந்தது. வரலட்சுமி வாங்கி, தெருவிலேயே நின்று சத்தமாகப் படித்தாள்.

'விஷயம்: தங்கள் நியமனம். பார்வை: தங்கள் கார்டு. அன்புள்ள பரந்தாமா, மெத்த சந்தோஷம். உன் எடையில் யாரும் குறை சொல்ல முடியாது. கழுத்தில் வேண்டுமானால் சொல்லலாம். இங்கே எல்லோரும் சௌக்கியம். நல்ல மழை.

நிற்க. கோட்டில் இன்னொரு பட்டன் விழுந்துவிட்டது. ஞாயிறு வரும்போது ஒன்று கொண்டுவரவும்.'